ஏழு மில்லிமீட்டர் எழுத்து

"கம்ப்யூட்டர்தானே வெட்டுது, இதுல உங்களுக்கு என்ன வேலை?" என்று வாடிக்கையாளர் கேட்டால் பொறுத்துக்கொள்வேன். டிசைன் படித்துவிட்டு வந்த பிள்ளைகளே கேட்பதுதான் உறுத்துகிறது.

போன மாதம் ஒரு கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்கு ஃபைல் வந்தது. பெயர்ப்பலகை நன்றாகவே இருந்தது. அதன் கீழே "கண், காது, மூக்கு சிகிச்சை" என்று ஒரு வரி. எழுத்து 7 மி.மீ. உயரம், ஒல்லியான ஃபான்ட். அளந்து பார்த்தால் கோடு 0.5 மி.மீ., ண-வின் சுழிக்குள் இருக்கும் ஓட்டை 0.7 மி.மீ. எங்கள் கட்டரின் கத்தி இழுபட்டுக்கொண்டே திரும்புவது. அதன் முனை மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அவ்வளவு சின்னச் சுழியில் திரும்பும்போது வினைல் துணுக்கு பேக்கிங் தாளை விட்டுக் கத்தியோடு எழுந்து, அடுத்த எழுத்தையும் கிழித்துவிடும்.

"போல்டா பண்ணிடலாம் சார்" என்றான் ஃபைல் கொண்டுவந்த தம்பி. கான்டூர் போட்டு இருபுறமும் 0.15 ஏற்றினால் கோடு 0.8 ஆகும், சரி. ஆனால் ஓட்டை 0.4 ஆகச் சுருங்கிவிடும். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. வழி ஒன்றுதான்: எழுத்தை 14 மி.மீ. ஆக்கினேன். கோடு 1, ஓட்டை 1.4. வெட்டியது.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த அண்ணன் பிளேடால் கையில் வெட்டியவர். புள்ளியைத்தான் முதலில் பார்ப்பார். வேஸ்ட் உரிக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி அதோடு போய்விட்டால் 'கண்' 'கண' ஆகிவிடும். கதவில் ஒட்டிய பிறகுதான் தெரியும். அதனால் புள்ளியை நான் தனியாகப் பெரிதாக்குவேன். டிசைனைச் சுற்றி 5 மி.மீ. தள்ளி ஒரு கட்டம், வரிகளுக்கு நடுவே ஒரு கோடு, சொற்களுக்கு நடுவே ஒரு கோடு. இவை எந்த எழுத்தையும் தொடக்கூடாது. அப்போது வேஸ்ட் நாடா நாடாவாக வரும். மூலையிலிருந்து தாளோடு தாளாக மடக்கி, மெதுவாக இழுக்க வேண்டும். கோடே இல்லாமல் ஃபைல் அனுப்பினால் முழுத்தாளும் ஒரே இழுப்பில் வந்து தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். இப்போது வரும் ஃபைல்களில் பாதி அப்படித்தான்.

பிரிண்ட் எடுத்து வெட்டும் ஸ்டிக்கரில் இன்னொரு தொல்லை. மூலையில் இருக்கும் கறுப்பு மார்க்கை வைத்துத்தான் கட்டரின் கண் இடம் பிடிக்கிறது. மார்க் போட்ட பிறகு டிசைனை மட்டும் நகர்த்தினால் வெட்டு அதே அளவு தள்ளி விழும். பளபளப்பான லேமினேஷன் மார்க்கின் மேல் வந்தால், ஒளி எதிரொளித்துக் கண் தடுமாறும். அங்கே மேட் டேப் துண்டு ஒட்டுவேன். விளிம்பில் 2 மி.மீ. நிறம் கூடுதலாக விடச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். விடாவிட்டால் வெள்ளைக்கோடு தெரியும், திட்டு எனக்கு விழும்.

தம்பிகளே, ஃபைல் அனுப்பும் முன் உங்கள் மிக ஒல்லியான கோட்டையும் மிகச் சின்ன ஓட்டையும் அளந்து பாருங்கள். இரண்டில் எது 1 மி.மீ.க்குக் கீழே இருந்தாலும், அதை வெட்டச் சொல்லாமல் பிரிண்ட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.