பாட்டிக்கு பிரஷர் இருக்கா, இல்லையா?

சில வருஷங்களுக்கு முன்னாடி நடந்தது இது.

எங்கள் மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவில் சின்னதா ஒரு ஆய்வு பண்ணலாம்னு எனக்கு ஆசை வந்தது. தலைப்பு இதுதான்: "இரத்த அழுத்த நோயாளிகள் ஏன் மாத்திரைகளைச் சரியாக எடுப்பதில்லை?"

எட்டு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைத் தயார் செய்து, சமூக மருத்துவத் துறையில் இருக்கும் சீனியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் படிவத்தைப் புரட்டவே இல்லை.
"உன்னோட ஆன்டாலஜி என்ன? எபிஸ்டமாலஜி என்ன? எந்த பாரடைம்?" என்று கேட்டார்.

எம்பிபிஎஸ்ல இதெல்லாம் யாரும் சொல்லித் தரலையே சார்னு முழிச்சேன்.

சிரித்துவிட்டு அவர் சொன்னதை, ஆய்வுக்குப் புதுசா வர்றவங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஆன்டாலஜி, தமிழில் இருப்பியல். அது கேட்கும் கேள்வி: "எது இருக்கிறது? எந்த விதத்தில் இருக்கிறது?"

எபிஸ்டமாலஜி, தமிழில் அறிவாய்வியல். அது கேட்கும் கேள்வி: "இருக்கிறது என்கிறாயே, அதை நீ எப்படித் தெரிந்துகொண்டாய்?"

ரெண்டும் ஒண்ணுதானேனு தோணும். இல்லை. அதற்கு அவர் சொன்ன உதாரணம் ஒரு பழைய சண்டை.

இங்கிலாந்தில் ராபர்ட் பிளாட், ஜார்ஜ் பிக்கரிங் என்று இரண்டு பெரிய மருத்துவர்கள். 1950களில் இருவருக்கும் இடையே பெரிய வாக்குவாதம்.

உயர் இரத்த அழுத்தம் என்பது பரம்பரையாக வரும் தனி நோய், அது உள்ளவர்கள் ஒரு கூட்டம், இல்லாதவர்கள் வேறொரு கூட்டம் என்றார் பிளாட்.

பிக்கரிங் அதை மறுத்தார். இரத்த அழுத்தம் மனிதர்களின் உயரம் மாதிரி. குட்டையிலிருந்து நெட்டை வரை இடைவெளியே இல்லாமல் போகும். நோய்க்கும் நோயின்மைக்கும் நடுவே இருக்கும் கோடு நாம போட்டது என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது என்னன்னா, அழுத்தத்தை எப்படி அளப்பது என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. அதே பட்டை, அதே பாதரசக் கருவி. சண்டை முழுக்க "அளக்கப்படுவது எப்படிப்பட்ட பொருள்" என்பதில்தான். எபிஸ்டமாலஜி ஒன்று, ஆன்டாலஜி வேறு.

இன்று பெரும்பாலும் பிக்கரிங் பக்கம்தான் நாம் நிற்கிறோம். 2017இல் அமெரிக்க வழிகாட்டுதல் அந்தக் கோட்டை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கியது. அந்நாட்டுப் பெரியவர்களில் சுமார் 32 சதவீதமாக இருந்த நோயாளிகள் சுமார் 46 சதவீதம் ஆனார்கள். ஒருத்தருடைய இரத்தக் குழாயும் ராத்திரியோட ராத்திரியா மாறவில்லை. கோடு மட்டும்தான் நகர்ந்தது.

இப்போ எபிஸ்டமாலஜிக்கு வருவோம். ஒருவருக்கு ஓபியில் 150 காட்டுகிறது, வீட்டில் 132 காட்டுகிறது. பருமனான கைக்குச் சின்ன பட்டையைக் கட்டினால் கூடுதலாகவே காட்டும். படியேறி வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைக்காமல் பார்த்தாலும் அப்படித்தான். குழாய்க்குள் அழுத்தம் என்று ஒன்று நிச்சயம் இருக்கு. ஆனா நமக்குக் கிடைப்பது அதன் மங்கலான பிம்பம். அதனால்தான் ஒருமுறைக்கு இருமுறை அளந்து சராசரி எடுக்கிறோம்.

"உண்மை வெளியே ஒன்றாக இருக்கிறது, நம் அளவீடு குறையுள்ளது, குறையைக் குறைத்துக்கொண்டே போவோம்." இந்த நிலைப்பாட்டுக்குப் பெயர் பின்நேர்க்காட்சிவாதம், போஸ்ட்பாசிடிவிசம். மருத்துவர்கள் பெரும்பாலோர் பெயர் தெரியாமலேயே இதில்தான் வாழ்கிறோம். நானும்தான்.

அப்புறம் என் படிவத்துக்கு என்ன குறை?

"போய் ஒரு நோயாளிகிட்ட படிவம் இல்லாம பேசிட்டு வா" என்றார்.

மறுநாள் ஓபியில் ஒரு பாட்டி. 28 நாளுக்கு முன் 30 மாத்திரை வாங்கிப் போனவர். 2 மீதி இருக்கணும், 14 இருந்தது. அதாவது 28க்கு 16தான் உள்ளே போயிருக்கு, சுமார் 57 சதவீதம். வழக்கமாக 80 சதவீதத்துக்குக் கீழே போனால் "சரியாக எடுக்காதவர்" என்று எழுதுவோம். படிவத்தில் அவர் சொன்ன பதில், "மறந்துட்டேன்".

படிவத்தை ஓரமா வச்சுட்டு, "பாட்டி, திட்ட மாட்டேன், என்ன ஆச்சு சொல்லுங்க" என்றேன்.

"தலை கிறுகிறுன்னு வந்தாத்தானப்பா பிரஷரு? வர்ற அன்னிக்குப் போட்டுக்குவேன். நல்லா இருக்கிற அன்னிக்கு எதுக்கு?"

பாட்டி எதையும் மறக்கலை. அவருடைய "பிரஷர்" வேறு, என்னுடையது வேறு. எனக்கு அது எப்போதும் உடம்புக்குள் ஓடும் ஒரு எண். அவருக்கு அது வந்து போகும் ஓர் உணர்வு. அந்த அர்த்தத்தின்படி பார்த்தால் அவர் மாத்திரையை மிகச் சரியாகவே எடுத்திருக்கிறார்!

இந்த அர்த்தம் பாதரசக் கருவியில் ஏறாது. மனிதர்கள் சேர்ந்து வாழ்ந்து உண்டாக்கிக்கொண்ட பொருள் அது. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, உட்கார்ந்து பேசுவது. கேட்கிற நானும் அந்தப் பேச்சில் ஒரு பகுதி. டாக்டர் கேட்டா வர்ற பதில் வேற, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா வர்ற பதில் வேற. இந்த நிலைப்பாட்டுக்குப் பெயர் பொருள்கோள்வாதம், இன்டர்பிரடிவிசம்.

கூபா, லிங்கன் என்ற இரு அறிஞர்கள் 1994இல் பாரடைம் என்பதை வரிசையான மூன்று கேள்விகளாக எழுதினார்கள். எது இருக்கிறது? அதை எப்படி அறியலாம்? அப்படியானால் எந்த வழிமுறை? முதல் பதில் இரண்டாவதைக் கட்டுப்படுத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கட்டுப்படுத்தும்.

நான் செய்த தப்பு, மூன்றாவதிலிருந்து ஆரம்பித்தது. படிவம் கையில் இருந்தது, அதற்கு ஏற்ற கேள்வியைத் தேடினேன்.

"எத்தனை பேர் மாத்திரையை விடுகிறார்கள்?" என்பது எண்ணக்கூடிய ஒன்று. மாத்திரையை எண்ணுங்கள், போதுமான ஆட்களைச் சேருங்கள். "மாத்திரையை விடுவது அவர்களுக்கு என்ன அர்த்தம்?" என்பது எண்ணக்கூடியது அல்ல. குறைந்த பேரிடம் நீண்ட நேரம் பேசுங்கள். என் தலைப்பில் இருந்த "ஏன்" இரண்டாவது வகை. நான் வைத்திருந்த கருவி முதல் வகை.

பாதை குழம்பிவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு அடையாளம் சொல்கிறேன். "ஒவ்வொருவரின் உண்மையும் வேறு" என்று முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, பத்தாம் பக்கத்தில் "இரு ஆய்வாளர்கள் தனித்தனியே வகைப்படுத்தி, 90 சதவீதம் ஒத்துப்போனதால் இதுவே சரி" என்று எழுதினால், எங்கேயோ நீங்கள் கட்சி மாறிவிட்டீர்கள். ஒரே சரியான பதில் இருந்தால்தான் ஒத்துப்போவது அதற்குச் சான்றாகும்.

அதே மாதிரி, எண் இருந்தாலே நேர்க்காட்சிவாதம், பேட்டி இருந்தாலே பொருள்கோள்வாதம் என்பதும் தப்பு. மாத்திரையை விட்டதற்கான "உண்மைக் காரணத்தை" கறந்து எடுக்கப் பேட்டி எடுத்தால், அதுவும் முதல் கட்சிதான்.

ரெண்டும் வேணும்னா? செய்யலாம். கேள்விக்கு எது பயன்படுமோ அதை எடுத்துக்கொள்ளும் பயன்வழிவாதம் இருக்கிறது. ஆனா எந்தக் கேள்விக்கு எந்தப் பாதை என்று தனித்தனியாக எழுதணும். முடிவெடுக்கப் பிடிக்காமல் ஒளிந்துகொள்ளும் இடம் அல்ல அது.

கடைசியில் நான் ஆய்வை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றில் மாத்திரைகளை எண்ணினேன். இன்னொன்றில் ஓபி முடிந்த பிறகு, மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். படிவத்திலிருந்து "மறந்துட்டேன்" என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன்.

பாட்டியிடம் இப்போ "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்பதில்லை.
"பிரஷர்னா என்ன பாட்டி?" என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறேன்.