ஓர் உருளையும் இரண்டு வாளியும்

புரட்டாசியில் மன்னார்குடிப் பக்கத்து டிராக்டர் பட்டறைகளில் யாரும் நிமிர்ந்து பேச மாட்டார்கள். சம்பா நடவுக்குச் சேறடிக்கிற நேரம். ஒரு வண்டி ஒரு நாள் நின்றால் நான்கு வீட்டு நடவு தள்ளிப்போகும். நான் போன அன்று ஒரு டிராக்டரின் பின்பாகம் இரண்டு மரக்கட்டைகள்மேல் ஏறியிருந்தது. நெஞ்சுயரம் வரும் அதன் பெரிய சக்கரங்களை வேப்பமரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். மூத்த மெக்கானிக் கீழே பிடித்த எண்ணெயை ஒரு தகரத்தில் ஊற்றி வெயிலில் சாய்த்துக் காட்டினார். எண்ணெய்க்குள் பொடிப்பொடியாக இரும்பு மினுங்கியது.

“கூண்டுக்குள்ள ஏதோ கடிச்சிருக்கு” என்றார்.

கூண்டு என்றால் டிஃபரன்ஷியல் கூண்டு. இன்ஜினிலிருந்து வரும் சுழற்சி கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்கு வருகிறது. அந்தக் கிரவுனோடு போல்ட் போட்டுப் பிணைத்த இரும்புக் கூண்டுக்குள்தான் வித்தை நடக்கிறது. குறுக்கே ஒரு தண்டு. அதில் ஸ்டார் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரங்கள் தம்மிஷ்டத்துக்குச் சுழலலாம். அவற்றின் இருபுறமும் சன் கியர் இரண்டு, ஒன்று இடது சக்கரத்துக்கு, மற்றது வலது சக்கரத்துக்கு.

எதற்கு இத்தனை சுற்று, ஒரே தண்டில் இரண்டு சக்கரத்தையும் மாட்டினால் என்ன என்று கேட்டேன். பதிலுக்கு அவர் வேப்பமரத்தடியில் கிடந்த சக்கரத்தைக் கையால் தட்டினார். இந்த டயரை ஒரு முறை உருட்டினால் ஏறக்குறைய 4 மீட்டர் போகும். இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி 1.4 மீட்டர் என்று வையுங்கள். வரப்போரம் போய் வண்டியை முழுதாகத் திருப்பி எதிர்ப்பக்கம் பார்க்க வைத்தால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 4.4 மீட்டர் கூட ஓடியாக வேண்டும். ஒடித்துத் திருப்பினாலும் அகலமாகத் திருப்பினாலும் அந்த வித்தியாசம் மாறாது. அது சக்கர இடைவெளியையும் திரும்பும் கோணத்தையும் மட்டும் பொறுத்தது. அதாவது ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சக்கரம் மற்றதைவிட ஒரு முழுச்சுற்றுக்குமேல் அதிகம் சுற்றுகிறது. ஒரே தண்டில் பிணைத்திருந்தால் அந்த 4.4 மீட்டரை ஏதாவதொரு டயர் தரையில் தேய்த்துத்தான் கழிக்க வேண்டும். சேற்றில் அது நடந்துவிடும். தார்ச்சாலையில் தண்டு முறுக்கிக்கொள்ளும், ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் வண்டி நேரே போகப் பார்க்கும்.

ஸ்டார் பினியன் என்ன செய்கிறது என்பதை அவர் காட்டிய விதம்தான் என்னால் மறக்க முடியாதது. கிணற்றுக்கு வைத்திருந்த உருளை ஒன்றை எடுத்துவந்தார். ஒரு கயிற்றை அதன்மேல் போட்டு இரண்டு நுனியிலும் தண்ணீர் நிரம்பிய வாளிகளைக் கட்டி, உருளையை என் கையில் கொடுத்து மேலே தூக்கச் சொன்னார். இரண்டு வாளியும் சேர்ந்து எழுந்தன, உருளை சுழலவில்லை. வண்டி நேராகப் போவது இதுதான். ஸ்டார் பினியன் தான் சுற்றாமல் இரண்டு பக்கத்தையும் சமமாக இழுத்துக்கொண்டு போகிறது. பிறகு ஒரு வாளியைக் கையால் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “இப்ப ஒரு அடி தூக்குங்க” என்றார். தூக்கினேன். உருளை சுழன்றது, மற்ற வாளி இரண்டு அடி ஏறியது. ஒரு பக்கம் எவ்வளவு குறைகிறதோ மறுபக்கம் அவ்வளவு கூடுகிறது. இரண்டின் சராசரி எப்போதும் கூண்டின் வேகம். திருப்பத்தில் நடப்பது அதுதான்.

அப்புறம் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி தூக்கச் சொன்னார். காலி வாளி விறுவிறுவென்று மேலே வந்தது. நிறைந்த வாளி தரையைவிட்டு அசையவில்லை. என் கையிலோ கனமே இல்லை. “இழுக்கறதுக்கு உங்ககிட்ட பலம் இருக்கு. ஆனா கயிறு வாங்கிக்கலை பாருங்க.”

நான் இதுவரை தப்பாகப் புரிந்துவைத்திருந்தது இதைத்தான். சேற்றில் சுற்றும் சக்கரம் எல்லாச் சக்தியையும் தின்றுவிடுகிறது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. கயிற்றின் இரண்டு பக்கமும் ஒரே இழுவிசைதான் இருக்க முடியும். வழுக்குகிற சக்கரம் 200 கிலோ அளவுக்குத்தான் தரையைத் தள்ள முடியும் என்றால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 200 கிலோதான் போய்ச்சேரும். அது 900 கிலோ தள்ளத் தயாராக நின்றாலும் கேட்டுக்கொள்ள ஆளில்லை. மேடேற 700 தேவைப்படும் வண்டிக்குக் கிடைப்பது 400. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் சக்கரத்தின் வேகம் கூடுமே தவிர இந்தக் கணக்கு மாறாது.

மெக்கானிக் ஒரு கம்பியை எடுத்து, கயிற்றை உருளையின் கொக்கியோடு இறுக்கிக் கட்டினார். தூக்கினேன். இரண்டு வாளியும் எழுந்தன. இப்போது கனம் கையில் தெரிந்தது. டிஃபரன்ஷியல் லாக் என்பது அந்தக் கம்பி. ஓட்டுநரின் குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பெடல் இருக்கும். மிதித்தால் ஒரு கவை நகர்ந்து, பல் வெட்டிய வளையம் ஒன்றைத் தள்ளி, ஒரு பக்கத்து அச்சைக் கூண்டோடு கோத்துவிடும். ஒரு பக்கம் கூண்டோடு சேர்ந்துவிட்டால் ஸ்டார் பினியன் உருள இடமில்லை. மறுபக்கமும் தானே கட்டுப்பட்டுவிடும். 200-க்கு மேல் தாங்காத சக்கரம் 200-ஓடு நிற்க, மறுபக்கம் தன் பிடிப்பு உள்ளவரை தள்ளும். பிடிப்பைப் புதிதாக உண்டாக்க லாக்கால் முடியாது. இரண்டு பக்கமும் கொழகொழவென்றால் இரண்டும் சேர்ந்து சுற்றும், அவ்வளவுதான். அதனால்தான் நல்ல சேற்றில் இரும்புக் கேஜ் வீல் மாட்டுகிறார்கள்.

மதியத்துக்குள் கூண்டு வெளியே வந்தது. குறுக்குத்தண்டு நீலம் பாய்ந்திருந்தது, அதில் ஸ்டார் பினியன் உட்காரும் இடம் சுரண்டிப்போயிருந்தது. ஓட்டிவந்த பையன் நடந்ததைச் சொன்னான். வயலிலிருந்து சாலைக்கு ஏறும் சரிவில் வலது சக்கரம் வாய்க்கால் சேற்றில் இறங்கிவிட்டது. இடதுசக்கரம் கெட்டித் தரையில். லாக் பெடலை மிதித்தும் நகரவில்லை. மூன்று வருஷமாகத் தொடாததால் துருப்பிடித்து இறுகியிருந்தது. அதனால் பத்து நிமிஷம் ஆக்சிலேட்டரைப் பிடித்து முயன்றிருக்கிறான். ஒரு சக்கரம் நிற்க மற்றது இரட்டை வேகத்தில் ஓடினால், எப்போதாவது மெதுவாக உருள வேண்டிய ஸ்டார் பினியன் நிறுத்தாமல் பறக்கும். எண்ணெய்ப்படலம் கிழிந்து இரும்போடு இரும்பு உரசும். தகரத்தில் மினுங்கிய பொடி அங்கிருந்து வந்ததுதான்.

“பெடலுக்கு மாசம் ஒரு தடவை நாலு சொட்டு எண்ணெய் விட்டு மிதிச்சிருந்தா இந்தச் செலவு இல்ல தம்பி” என்றார் மெக்கானிக். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. எனக்கும் வலித்தது. குறுவையில் சம்பாதித்ததில் பாதி அந்தத் தண்டுக்குப் போகிறது என்று பையன் அதற்கு முன்பே சொல்லியிருந்தான்.

புதுத்தண்டு, பினியன், வாஷர் எல்லாம் மாட்டி, துருப்பிடித்த லாக் பெடலை இளக்கி, சக்கரம் பூட்டி, தரையில் இறக்குமுன் ஒரு சோதனை. இன்ஜின் அணைந்திருக்க, வண்டியை கியரில் போட்டு என்னை இடதுசக்கரத்தை முன்னால் தள்ளச் சொன்னார். தள்ளினேன், வலதுசக்கரம் பின்னோக்கிச் சுழன்றது. கூண்டு நின்றிருக்கிறது, உள்ளே ஸ்டார் பினியன் உருள்கிறது என்று அர்த்தம். உள்ளே கடகடப்பு கேட்கிறதா என்று அவர் காதை வைத்துக் கேட்டார். பையன் லாக்கை மிதித்தான். தொடர்ந்து தள்ளிக்கொண்டிருந்த என் கை கல்லில் முட்டினாற்போல் நின்றது.

சாயங்காலம் அதே சரிவுக்குப் போனோம். வேண்டுமென்றே வலது சக்கரத்தை அந்தச் சேற்றில் இறக்கினார்கள். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பையன் குதிகாலை பெடலுக்குக் கொண்டுபோனான். மெக்கானிக் கையை உயர்த்தி நிறுத்தினார். சுற்றிக்கொண்டிருக்கும்போது கோத்தால் பல் பல்லாக உடையும், சமயத்தில் அச்சே முறியும். முதலில் கிளட்ச், சக்கரம் நிற்கட்டும், பிறகு லாக், பிறகு மெதுவாகக் கிளட்சை விடு. பையன் அப்படியே செய்தான். வண்டி ஒருமுறை குலுங்கி, இரண்டு சக்கரமும் ஒரே கதியில் சுற்ற, சாலைக்கு ஏறியது.

ஏறிய இடத்தில் சாலை உடனே இடப்பக்கம் திரும்புகிறது. பையன் குதிகாலை எடுத்துவிட்டான், ஆனால் பெடல் எழவில்லை. சுமையில் பல்லோடு பல் இறுகியிருந்தது. “கிளட்சை ஒரு தட்டு தட்டு” என்று கத்தினார் மெக்கானிக். அவன் தட்டினான். அடியிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம், பெடல் துள்ளி எழுந்தது. அதற்குப் பிறகுதான் அவனை ஸ்டீயரிங்கை ஒடிக்க விட்டார்.