மஞ்சள் கேள்விக்குறியும் வாரிசுச் சான்றிதழும்

அப்பா போனபிறகு, திருச்சியில் ஒரு வங்கியில் அவர் பேரில் இருந்த வைப்புத்தொகையை அம்மாவுக்கு வாங்க வேண்டியிருந்தது. நாமினி போடவில்லை. அதனால் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அம்மா எங்களோடு யூனியன்வில்லில். அவர் கையெழுத்திட்ட படிவங்களைக் கூரியரில் அனுப்பினோம். கவுன்ட்டரில் நிற்கப் போனவர் சித்தப்பா.

சான்றிதழுக்கு இ-சேவை வழியாக விண்ணப்பித்தோம், PDF ஆகவே வந்தது. அதை சித்தப்பா ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனார். நமக்கு இரவு ஒன்றரை மணி, போன் வந்தது. "தாசில்தார் சீல் எங்க, பேனா கையெழுத்து எங்க, ஒரிஜினல் கொண்டு வாங்கன்னு சொல்றாங்கப்பா. போதாததுக்கு இதுல ஒரு கேள்விக்குறி வேற இருக்கு."

ஒரிஜினல் என்று எந்த பீரோவிலும் ஒரு தாள் கிடையாது. வட்டாட்சியர் தன் கணினியில் போட்டது டிஜிட்டல் கையொப்பம். கோப்பிலுள்ள ஒவ்வொரு எழுத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு எண்ணை, அவரிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் பூட்டி, அந்தக் கோப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறது மென்பொருள். பிறகு யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் கணக்கு ஒத்துவராது. பிரின்ட் எடுத்தால் இதில் எதுவும் தாளுக்கு வராது, படம்தான் வரும். ஆக கவுன்ட்டர்காரர் கேட்டது பாதி நியாயம்: அவர் கையில் இருந்தது நகல்தான். ஒரிஜினல், சித்தப்பாவின் போனில் இருந்த PDF.

கேள்விக்குறி வேறு கதை. அடோபி ரீடர் கையொப்பத்திடம் இரண்டு கேள்வி கேட்கும். கோப்பு மாறியிருக்கிறதா? கையெழுத்திட்டவர் எனக்குத் தெரிந்தவரா? முதல் கேள்விக்கு நல்ல பதில் வந்தாலும், இந்திய அரசின் மூலச் சான்றான CCA India அந்த மென்பொருளின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லையென்றால் "Validity unknown" என்று மஞ்சள் கேள்விக்குறி போடும். அப்படியே அச்சடித்தால் தாளிலும் அதுவே விழும். 'போலி' என்று அதற்குப் பொருளில்லை. 'இவரை எனக்குப் பழக்கமில்லை', அவ்வளவுதான்.

சரிசெய்ய கணினியில் அடோபி ரீடர் வேண்டும். பிரவுசரில் திறந்தால் இதெல்லாம் வராது. கையொப்பத்தைச் சொடுக்கி Signature Properties, பிறகு Show Signer's Certificate. இடதுபுறம் வரும் பெயர்களில் எல்லாவற்றுக்கும் மேலே CCA India இருக்கும். அதைத் தேர்ந்து, Trust பகுதியில் Add to Trusted Certificates. பிறகு Validate Signature கொடுத்தால் பச்சை டிக். ஆனால் CCA India என்ற பெயரில் யாரும் ஒரு சான்றை உருவாக்கிவிடலாம். அதனால் சேர்ப்பதற்கு முன் அதன் கைரேகை எண்ணை cca.gov.in தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் இங்கிருந்தே செய்து, PDF-ஐ 'Print to PDF' வழியாகச் சேமிக்காமல் (சேமித்தால் கையொப்பமே போய்விடும்) நேராக அச்சடித்து ஒரு பிரதியைக் கூரியரில் போட்டேன்.

உண்மையில் அந்த பச்சை டிக்கும் தாளில் ஒரு படம்தான். போட்டோஷாப் தெரிந்த எவரும் வரைந்துவிடலாம். அது கவுன்ட்டர்காரரின் கண்ணை உறுத்தாமல் இருக்கும், அவ்வளவே. அவர் நம்புவதற்கு வேறொன்று வேண்டும்: அவரே, அவர் கணினியிலேயே பார்த்துக்கொள்வது. இந்தச் சான்றிதழ்களில் ஒரு எண்ணும், அதைச் சரிபார்க்கும் அரசு இணையப் பக்கத்தின் முகவரியும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணைப் போட்டால் அரசிடம் உள்ள விவரம் திரையில் வரும்.

சித்தப்பாவிடம் இரண்டே விஷயம் சொன்னேன். நம்ம போனைக் காட்டி 'பாருங்க' என்று சொல்லாதீர்கள், நம் போனில் எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்று அவர்களுக்கும் தெரியும். சட்டம் பேசி சண்டையும் போடாதீர்கள். கேட்டால் மட்டும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 5, மின்னணுக் கையொப்பம் பேனா கையெழுத்துக்குச் சமம் என்று சொல்லலாம். (உயிலுக்கு இது பொருந்தாது. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையே உயிலை விலக்கி வைத்திருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் கவனிக்கவும்.)

இரண்டாம் முறையும் கவுன்ட்டரில் இருந்தவர் மறுத்தார். "மேனேஜர் சொன்னா பண்றேன் சார்." சித்தப்பா மேனேஜரிடம் போய், "சார், இந்த நம்பரை நீங்களே உங்க சிஸ்டத்துல ஒரு தடவை போட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னாராம். அவர் போட்டார். திரையில் வந்த மூன்று வாரிசுகளின் பெயர்களையும் தாளில் இருந்ததோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பிறகு PDF-ஐ வங்கியின் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொன்னார். அதையும் தாமே திறந்து பார்த்துவிட்டு, பிரின்ட்டின் ஓரத்தில் 'இணையதளத்தில் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, தேதி போட்டு, பேனாவால் கையெழுத்திட்டு, சீலும் வைத்துக் கவுன்ட்டருக்கு அனுப்பினார். அந்த சீலைப் பார்த்தபிறகுதான் கவுன்ட்டர்காரர் படிவத்தை வாங்கிக்கொண்டாராம்.