இலைத்துளை திறந்ததா, வார்த்தை மட்டும் விழுந்ததா?

எங்கள் உயிரியல் ஆசிரியை வகுப்புத் தேர்வுத் தாள்களை எங்களிடமே மாற்றிக் கொடுத்து, பெயரை மறைத்துத் திருத்தச் சொன்னார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "பகலில் இலைத்துளை எவ்வாறு திறக்கிறது?" மூன்று மதிப்பெண். என் கைக்கு வந்த இரண்டு விடைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் விடை இது: "காப்பு செல்களுக்குள் சவ்வூடு பரவல் மூலம் நீர் புகுவதால் பொட்டாசியம் அயனிகள் உள்ளே வருகின்றன. விறைப்பு அழுத்தம் அதிகரித்து இலைத்துளை திறக்கிறது." அழகான கையெழுத்து. முக்கியச் சொல் எல்லாவற்றிற்கும் அடிக்கோடு வேறு!

இரண்டாவது விடை: "வெளிச்சம் பட்டதும் காப்பு செல்லுக்குள்ள பொட்டாசியம் சேருது. உள்ளே கரைஞ்ச பொருள் அதிகமானதால பக்கத்து செல்லில் இருந்து தண்ணீர் உள்ளே வருது. செல் உப்புது. துளைப் பக்கத்துச் சுவர் தடிப்பு, அது அதிகமா நீளாது. வெளிப்பக்கச் சுவர்தான் நீளும். அதனால செல் வளையுது, நடுவில இடைவெளி விழுது."

சொற்களை மட்டும் எண்ணினால் முதல் விடைதான் ஜெயிக்கும். இரண்டாவதில் 'சவ்வூடு பரவல்' என்ற சொல்லே இல்லை. ஆனால் ஆசிரியை எங்களுக்கு ஒரு வழி சொன்னார்: "அடிக்கோடு போட்ட சொற்களை விரலால் மூடிக்கோங்க. நடுவில் இருக்கும் 'அதனால்', 'ஆகவே' என்பதை மட்டும் பாருங்க. எது முதலில் நடந்து எதை உண்டாக்குதுன்னு தெரியுதா?"

அப்படிப் பார்த்தேன். முதல் விடையில் நீர் வந்ததால் பொட்டாசியம் வருகிறது. இது தலைகீழ். உண்மையில் பொட்டாசியம் முதலில் சேர்கிறது. அதனால் செல்லுக்குள் கரைசல் அடர்வாகிறது. நீர், அடர்வு குறைந்த பக்கத்திலிருந்து அடர்வு அதிகமான பக்கத்துக்குச் செல்கிறது. பொட்டாசியம்தான் காரணம், நீர் வருவது விளைவு.

இன்னொரு ஓட்டையும் உண்டு. விறைப்பு அழுத்தம் கூடினால் துளை ஏன் திறக்க வேண்டும்? யோசித்துப் பாருங்கள், பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பலூன்களும் பெருத்தால் நடுவில் உள்ள சந்து அடைபடத்தானே செய்யும்! முதல் விடையில் இதற்குப் பதிலே இல்லை.

இதை நாங்கள் செய்தே பார்த்தோம். இரண்டு நீள பலூன்களில் ஒரு பக்கம் மட்டும் நெடுக்காக செலோடேப் ஒட்டி ஊதினோம். ஒட்டிய பக்கம் நீளவில்லை, மறுபக்கம் நீண்டது, பலூன் வாழைப்பழம் மாதிரி வளைந்தது. செலோடேப் பக்கங்களை எதிர் எதிரே வைத்து, நுனிகளைச் சேர்த்துப் பிடித்தால் நடுவில் துளை! இரண்டாவது விடை சொன்னது இதைத்தான். (நிஜ செல்லில் சுவரைக் குறுக்காகச் சுற்றியுள்ள செல்லுலோஸ் இழைகளும் இந்த வளைவுக்கு உதவுகின்றன.)

பொட்டாசியத்துக்கு ஒன்று, நீர் ஏன் உள்ளே வருகிறது என்பதற்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என்று பிரித்தேன். இரண்டாவதுக்கு மூன்று. முதலாவதுக்கு ஒன்று, அதுவும் பொட்டாசியம் உள்ளே வருகிறது என்று எழுதியதற்காக. பக்கத்து பெஞ்சு நண்பன், "சவ்வூடு பரவல்னு எழுதாம மூணா? பொதுத் தேர்வுல குறைப்பாங்கடா" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் மதிப்பெண்ணைக் குறைக்காமல், ஓரத்தில் அந்தச் சொல்லை எழுதிக் காட்டினேன்.

மூன்று வரி விடையை வைத்து ஒருவருக்குப் புரிந்ததா என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. சரியான வரிசையையே ஒருவர் மனப்பாடம் செய்திருக்கலாமே! அதற்கு ஆசிரியை கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "ரியோ இலையின் அடித்தோலை உரித்து, அடர்ந்த உப்புக் கரைசலில் போட்டால் துளை என்ன ஆகும்?" இது புத்தகத்தில் இல்லை. காரணம் புரிந்தவர்கள் உடனே சொன்னார்கள்: இப்போது வெளியில்தான் அடர்வு அதிகம், நீர் வெளியேறும், செல் தளரும், துளை மூடும். நுண்ணோக்கியில் பார்த்தோம், அப்படியே மூடியது.

ஒரு செய்தி கொசுறாக: நெல், புல் இவற்றின் காப்பு செல்கள் அவரை விதை வடிவில் இல்லை, கர்லாக்கட்டை இரண்டை ஒட்டியது போல இருக்கும். அங்கே இரு முனைகள் உப்பி நடுப்பகுதியை விலக்குகின்றன. அந்த விடையில் 'வளைகிறது' என்று எழுதியிருந்தால் நீங்கள் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்?

— பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு