எங்கள் முன்பள்ளியின் காப்புறுதியில் நாங்கள் விட்ட பிழை

கடந்த தவணை விடுமுறையில் எங்கள் முன்பள்ளியின் சிறிய வகுப்பறை எரிந்தது ஊருக்கே தெரியும். சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் வயர் உருகி, பக்கத்து அல்மாரி பற்றிக்கொண்டது. பிள்ளைகள் யாரும் உள்ளே இல்லை, அல்ஹம்துலில்லாஹ். "காப்புறுதி இருந்ததுதானே, பிறகு ஏன் சந்தா கேட்கிறீங்க?" என்று பலர் கேட்கிறார்கள். அதற்கான பதில் இது.

கட்டடத்தை 2016இல் 45 இலட்சத்துக்குக் கட்டினோம். அதே தொகைக்குத்தான் காப்புறுதி எடுத்தோம். கட்டுப்பணம் கூடிவிடும் என்று பயந்து, வருடா வருடம் அந்தத் தொகையையே புதுப்பித்தும் வந்தோம். 2022க்குப் பிறகு சீமெந்தும் கம்பியும் என்ன விலைக்குப் போனது என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். நாங்கள் மட்டும் பத்திரத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நட்டம் மதிப்பிட வந்தவர் முதலில் எரிந்த அறையை அளக்கவில்லை, முழுக் கட்டடத்தையும் அளந்தார். இன்று அதைத் திரும்பக் கட்ட 90 இலட்சம் வேண்டும் என்றார். நாங்கள் பாதிக்குத்தான் காப்புறுதி எடுத்திருக்கிறோம். அதனால் எந்த நட்டத்திலும் பாதிதான் கிடைக்கும், மீதிப் பாதி எங்கள் தலையில். திருத்தச் செலவு 8 இலட்சம். அதில் 4 இலட்சம் கணக்கிட்டு, ஒவ்வொரு நட்டத்திலும் நாங்களே ஏற்க வேண்டிய 25 ஆயிரத்தையும் கழித்தார்கள். கைக்கு வந்தது 3 இலட்சத்து 75 ஆயிரம். "நட்டம் 45 இலட்சத்தை விடக் குறைவுதானே" என்று ஹாஜியார் வாதாடிப் பார்த்தார். இந்த விதி பத்திரத்திலேயே அச்சாகி இருந்தது. படிக்காதது எங்கள் பிழை.

தளபாடங்களிலும் தடுமாறினோம். பத்திரத்தில் "தளபாடங்கள்" என்று ஒரே வரிதான். எத்தனை கதிரை, எத்தனை மேசை எரிந்தன என்று காட்டப் பட்டியலும் இல்லை, பில்லும் இல்லை. கடைசியில் கலைவிழாப் படங்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினோம்.

இம்முறை மேசன் பாஸைக் கூட்டிவந்து அளந்து, இன்றைய கட்டுமானச் செலவுக்கே எடுக்கிறோம். காணியின் பெறுமதியைச் சேர்க்கவில்லை, நிலம் எரியாது. கலவரச் சேதத்துக்கான பிரிவையும் சேர்க்கச் சொன்னோம். அது சாதாரண தீக் காப்புறுதிக்குள் வராது. தகாஃபுல், வழமையான காப்புறுதி இரண்டிலும் விலை கேட்டிருக்கிறோம்.

பிள்ளைகளின் காயத்துக்குத் தனிப் பத்திரம் வேண்டும். பொதுப் பொறுப்புக் காப்புறுதி என்று ஒன்று இருக்கிறது. அது சட்டப்படி எங்கள் கவனயீனம் என்றால்தான் கொடுக்கும். ஒரு பிள்ளை தானாக ஓடி விழுந்து கை முறிந்தால் அதில் ஒன்றும் வராது. அதற்கு மாணவர் விபத்துக் காப்புறுதி. யார் பிழை என்று கேட்காமல், குறித்த எல்லை வரை வைத்தியச் செலவைத் தரும். இரண்டையும் எடுப்பதா, ஒன்றா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலையில் கூடுகிறோம். பெற்றோர் கட்டாயம் வாருங்கள்.