ஆளுக்குப் பத்து ரூபாய்

ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ஒருங்கமைச் சமன்பாடுகள் வரும்போது வண்டலூர்தான் எனக்குக் கைகொடுக்கும். சேலையூரில் மாலை டியூஷன் எடுக்கிறேன். தாம்பரம் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா கிட்டத்தட்டப் பக்கத்து வீடு மாதிரி. காணும் பொங்கலுக்கு அங்கே போகாத குடும்பம் குறைவு. அதனால் பெரியவருக்கு எவ்வளவு, சிறுவருக்கு எவ்வளவு என்று கேட்கிற கணக்கைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் அவர்கள் வாயிலிருந்தே எடுப்பேன்.

ஒரு வருடம் பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு அந்தப் பாடம் வந்தது. இரண்டு பையன்கள் குடும்பத்தோடு போய்வந்திருந்தார்கள். ஒருவன் வீட்டில் பெரியவர்கள் 2, சிறுவர்கள் 3. செலவு 600 ரூபாய். இன்னொருவன் வீட்டில் பெரியவர்கள் 3, சிறுவர்கள் 2. செலவு 750 ரூபாய். (எண்களை இங்கே கொஞ்சம் எளிதாக்கியிருக்கிறேன். பூங்காவின் கட்டணப் பட்டியலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.) பெரியவர் கட்டணம் x, சிறுவர் கட்டணம் y என்று வைத்துப் பலகையில் எழுதினேன்.

2x + 3y = 600
3x + 2y = 750

கெழுக்கள் இடம் மாறி நிற்கிற இந்த வகைக் கணக்குக்கு நீக்கல் முறையில் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். இரண்டையும் கூட்டினால் 5x + 5y = 1350, அதாவது x + y = 270. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் x − y = 150. இவற்றைக் கூட்டினால் 2x = 420. பெரியவருக்கு 210, சிறுவருக்கு 60. பின்னம் இல்லை, பிசகு இல்லை. பிரதியிட்டுச் சரிபார்க்கச் சொன்னேன். 420 + 180 = 600. 630 + 120 = 750. இரண்டும் பொருந்தின.

அப்போது முன்வரிசையில் இருந்த பெண் கேட்டாள்: "சார், அவங்க ரெண்டு வீட்லயும் கார்ல போனாங்களாம். பார்க்கிங் காசும் அதுல சேர்ந்திருக்குமா?"

"கணக்குல என்ன கொடுத்திருக்கோ அதை மட்டும் செய்மா. அதான் சரிபார்த்தாச்சே" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வகுப்பு சிரித்தது, நான் அதைத் தடுக்கவில்லை. அவள் நோட்டில் 210, 60 என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

தாங்களே கண்டுபிடித்த விலை என்ற சந்தோஷத்தில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து பூங்காவுக்குப் போகலாம் என்றார்கள். எனக்கும் ஆசை வந்தது. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. எங்களுக்குச் சனிக்கிழமைதான் தோது. தம்பி தங்கைகளும் சில பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். நுழைவுச்சீட்டுக்குப் பெரியவருக்கு 210, சிறுவருக்கு 60 என்று வசூலித்தேன். கட்டணத்தை யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, அதுதான் கணக்குப் போட்டாயிற்றே. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, பெருங்களத்தூர் தாண்டி வண்டலூரில் இறங்கி நடந்தோம்.

கவுண்டரில் சீட்டு வாங்கி முடித்தபோது கையில் பணம் மிஞ்சியது. யாரோ கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன். பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். எல்லோரும் சரியாகத்தான் கொடுத்திருந்தார்கள். பிறகு சீட்டுகளைப் பார்த்தேன். பெரியவருக்கு 200. சிறுவருக்கு 50. மிச்சம், தலைக்குச் சரியாகப் பத்து ரூபாய். பெரியவரானாலும் சிறுவரானாலும் அதே பத்து. கட்டணமே வேறென்றால் வித்தியாசம் இரண்டு பேருக்கும் ஒரேபோல வருவானேன்? சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே ஓரமாக நின்றுவிட்டேன். பத்து ரூபாய். ஒரு வீட்டில் ஐந்து பேர். ஐந்து பத்து ஐம்பது. இன்னொரு வீட்டிலும் ஐந்து பேர்தான். சற்றுத் தள்ளி ஒரு கார் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. அவள் கேட்டது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

அன்று இரவு உட்கார்ந்து அதைப் பிரித்துப் பார்த்தேன். வண்டி நிறுத்தும் கட்டணம் p என்றால் உண்மையான சமன்பாடுகள் 2x + 3y + p = 600, 3x + 2y + p = 750. கழிக்கும்போது p அடிபட்டுப்போகிறது. அதனால்தான் பெரியவருக்கும் சிறுவருக்கும் உள்ள வித்தியாசம் 150 சரியாகவே வந்தது. கூட்டும்போது p போகாது; 5x + 5y + 2p = 1350. நான் p-யைக் கண்டுகொள்ளாமல் ஐந்தால் வகுத்தபோது, கார் நின்ற காசு ஐந்து தலைக்கும் சமமாகப் பங்கிடப்பட்டுவிட்டது. இரண்டு குடும்பத்திலும் ஆள் எண்ணிக்கை ஒன்றாக இருந்ததால் விடை முழு எண்ணாக, நம்பும்படியாக வந்தது. இரண்டாவது குடும்பத்தில் பெரியவர் 4, சிறுவர் 2 என்று ஆறு பேர் இருந்திருந்தால் செலவு 950 ஆகியிருக்கும். 2x + 3y = 600, 4x + 2y = 950 என்று போட்டால் y = 62.50, x = 206.25 என்று வரும். சிறுவர் சீட்டு அறுபத்திரண்டரை ரூபாயா என்று எந்தப் பிள்ளையும் கேட்டிருக்கும்.

பிரதியிட்டுச் சரிபார்த்தோமே, அது ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? கூட்டல், கழித்தலில் பிழை இருந்தால் அது காட்டும். சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தால் காட்டாது. தப்பான சமன்பாட்டில் அதன் சொந்த விடையைப் போட்டால் பொருந்தத்தான் செய்யும். வெளியிலிருந்து மூன்றாவது ஒரு குடும்பம் வேண்டும். அதுவும் ஐந்து பேர் குடும்பமாக இருக்கக் கூடாது. பெரியவர் 4, சிறுவர் 1 என்று காரில் போயிருந்தால் அவர்கள் கொடுத்தது 800 + 50 + 50 = 900. என் தப்பான விலைப்படியும் 840 + 60 = 900. ஐந்து பேர் குடும்பம் எத்தனை வந்தாலும் இப்படியே பொருந்திக்கொண்டிருக்கும். பெரியவர் ஒருவர், சிறுவர் ஒருவர் காரில் போனால் கொடுத்தது 300. என் விலைப்படி 270. அந்த முப்பது ரூபாய்தான் ஏதோ விட்டுப்போயிற்று என்று சொல்கிறது. அந்த x + y + p = 300-ஐ முதல் சமன்பாட்டிலிருந்து கழித்தால் x + 2y = 300. x − y = 150 என்பது ஏற்கெனவே கையில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து y = 50, x = 200 என்று தரும்; p தானாக 50. பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகள் வரும்போது செய்வதும் இதைத்தான்.

திங்கட்கிழமை மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முழுவதையும் பலகையில் போட்டேன். "இந்தக் கேள்வியை அன்னிக்கே இவ கேட்டா, நான்தான் காதுல வாங்கல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஐந்து பேர் குடும்பத்தை ஏன் சேர்க்கக் கூடாது என்று அவளிடமே கேட்டேன். தெரியும் என்று முகம் சொன்னது. "தெரியல சார்" என்றாள்.

அந்த வருடம் முடியும்வரை கேட்டால் பதில் சொன்னாள், சரியாகவே சொன்னாள். தானாக ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இப்போதும் வண்டலூர் கணக்கு வைக்கிறேன். விலையைக் கேட்பதற்கு முன், இந்தத் தொகையில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கலாம் என்று பிள்ளைகளை எழுதச் சொல்கிறேன். பார்க்கிங், கேமரா, பேட்டரி வண்டி என்று பட்டியல் நீளும். சில நாள் அந்தப் பட்டியலிலேயே வகுப்பு நேரம் முடிந்துவிடுகிறது.