கதைச்சுருக்கம் வேண்டாம், கேள்வி போதும்

அண்ணன் மகள் சுற்றுச்சூழல் வேதியியல் முதுகலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதியிருந்தாள். ரேச்சல் கார்சனின் ‘சைலன்ட் ஸ்பிரிங்’ (1962) நூலுக்குப் பக்கம் நிறையச் சுருக்கம்.

“வாசிக்கிற பேராசிரியருக்கு அந்தப் புத்தகம் தெரியும்டா. உன்னை எந்த இடம் நிறுத்துச்சு?”

“கிளியர் ஏரி, சித்தப்பா.”

கலிபோர்னியாவின் அந்த ஏரியில் சிறுபூச்சிகளை ஒழிக்க 1949இல் மருந்து கலந்தார்கள். ஏழு கோடிப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்குதான். பின்னர் செத்துக்கிடந்த முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பில் அது 1600 பிபிஎம். ‘கொழுப்புக்குள் இருப்பதை எப்படி அளந்தார்கள்?’ என்ற கேள்விதான் இவளை விலங்கியலிலிருந்து வேதியியலுக்குத் திருப்பியது.

இப்போது கடிதத்தில் புத்தகத்துக்கு இரண்டே வரி. மீதி முழுக்க அந்தக் கேள்வி, அதற்காக அவள் தேடிப் படித்தவை, அதற்கு விடை தரும் பாடத்தாள். வேறொருவர் கையெழுத்திட்டாலும் பொருந்தும் பத்தி எதுவோ, அதை அடித்துவிட்டோம்.